மாப்ள முகத்தின் மேல் எட்டு நாற்பத்திரண்டு

குக்கரைக் கண்டுபிடித்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் மதுரையில் அது மக்கர் பண்ணினால் என் கைக்குத்தான் வந்து சேர வேண்டும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சைக்கிள் கேரியரில் தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக “ஸ்டவ் ரிப்பேர்” என்று கூவினவன், சிம்மக்கல்லில் சொந்தமாக ஒரு கடை போட்டு முப்பது வருசம் நடத்தினேன். மூடியைக் கையில் வாங்கும்போதே ரப்பர் போயிருக்கிறதா, வால்வு போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

போன வருசம் கட்டிடத்துக்காரர் வந்து நின்றார். “அண்ணே, இடிச்சிட்டு மாடி போட்டுக் கட்டப் போறேன். மூணு மாசத்துல காலி பண்ணிக் கொடுத்திருங்க” என்றார். தேடித் தேடி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் இடம் கிடைத்தது. சந்துக்குள் ஒரு சந்து, அதற்குள் கடைசிக் கதவு.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். டீக்கடைக்காரனுக்கு வாடிக்கையாளர் தினமும் வருவார். என் வாடிக்கையாளர் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை, ரப்பர் போனால்தான் வருவார். அவர் பேரும் தெரியாது, போன் நம்பரும் கிடையாது. ஒருநாள் வயர் கூடையில் குக்கரைத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல்லில் வந்து இறங்குவார். அங்கே செங்கல் குவியல் கிடக்கும். அப்படியே திரும்பி வேறு எவனிடமோ போய்விடுவார். முப்பது வருசத்துப் பேரும் அந்தச் செங்கல்லுக்கு அடியில் போய்விடும்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு கணக்கு டீச்சர் குடியிருக்கிறார். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் வேலை. பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டும் வீடியோவைப் போனிலேயே எடுத்துத் தன் சேனலில் போடுகிறவர். என் கவலையை என் வீட்டுக்காரி அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

“அண்ணே, குக்கர்ல விசில் வரலைன்னா இப்ப எல்லாரும் மொதல்ல போன்லதான் தேடுறாங்க. நீங்க ஒரு சேனல் ஆரம்பிங்க. தேடுறவங்க கண்ணுல நீங்க படுவீங்க, புதுக்கடை விலாசமும் படும்” என்றார் டீச்சர்.

“ஆரம்பிச்சிருவோம் டீச்சர். பெரிய கேமரா வாங்கணுமா, சின்னது போதுமா?”

“கேமராவே வேணாம். உங்க சட்டைப் பையில இருக்கிற போன் போதும். நிக்க வைக்க ஒரு ஸ்டாண்டு, சட்டையில குத்துற ஒரு காலர் மைக். அம்புட்டுதான்.”

எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். நாலு பேர் பார்க்கும்படி ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல்லில் நடக்கலாம் என்றிருந்தேன்.

மைக்கைக் கடையில் வாங்கினேன். ஸ்டாண்டை வாங்கவில்லை. கடையில் விற்கிற ஸ்டாண்டு போனை நேராகத்தான் நிறுத்தும். எனக்கு மேலேயிருந்து கீழே பார்க்க வேண்டும், அப்போதுதான் மூடிக்குள் என் விரல் செய்வது தெரியும். பழைய மூணு பர்னர் அடுப்பின் சட்டத்தை அறுத்து, குறுக்கே ஒரு கம்பி பற்றவைத்து, அதன் நுனியில் கால் இன்ச் போல்ட் ஒன்றை நிறுத்தினேன். போனைப் பிடிக்கிற கவ்வி மட்டும் வாங்கி அதில் திருகினேன். பொருத்தம் கச்சிதம். டீச்சர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுல சமைக்கவும் செய்யலாம் போலண்ணே” என்றார். பாராட்டுத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்டாண்டில் போனைச் சரிபார்த்து வைக்க, சிவப்புப் பொத்தானை அமுக்க ஓர் ஆள் வேண்டும். என் ரெண்டு கையும் குக்கருக்குள் இருக்கும். அதற்கு என் மாப்ள வந்தான். என் வீட்டுக்காரியின் தம்பி. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வலது மணிக்கட்டில் பச்சை குத்திய வேல், விரலில் சிவப்புக்கல் மோதிரம், எதற்கெடுத்தாலும் ஒரு கருத்து. அவனுக்கும் எனக்கும் நாலு வயசுதான் வித்தியாசம், ஆனாலும் அக்காள் புருசன் என்று ‘நீங்க’ போட்டுத்தான் பேசுவான். திட்டும்போதும் அந்த மரியாதை குறையாது.

நல்ல நாள் பார்த்து ஆரம்பித்தோம். எந்தக் கருவியையும் கும்பிடாமல் நான் தொட்டதில்லை. ஸ்டாண்டுக்கு மூணு பொட்டு, மைக்குக்கு ஒரு பொட்டு, போனுக்கு முதுகில் நல்ல தாராளமாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து முதல் வீடியோவை எடுத்தோம். இருபத்தாறு நிமிசம், ஒரே மூச்சில்.

சாயங்காலம் டீச்சர் பார்த்தார்.

“அண்ணே, கடைக்குள்ள பனி பெய்யுதா?”

படம் முழுக்க மஞ்சளாக ஒரு மூட்டம். நான் யாரோ ஆவி மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் போனைத் திருப்பினார். கேமரா கண்ணாடி மூணிலும் சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

“சாமிக்குக் கண்ணைத் திறந்துதானே வைப்பாங்க. நீங்க இதுக்குக் கண்ணை மூடிட்டீங்களே” என்றார்.

“நான் அப்பவே நெனச்சேன்” என்றான் மாப்ள. அந்தப் பொட்டை வைத்ததே அவன்தான்.

மெல்லிய பருத்தித் துணியால் கண்ணாடியைத் துடைத்தோம். இன்றைக்கும் பொட்டு வைக்கிறேன், ஆனால் போனுக்குக் கீழ் முனையில், சார்ஜர் ஓட்டையையும் தொடாமல்.

சந்தனம் ஒரு தப்புத்தான். டீச்சர் கணக்கு நோட்டு திருத்துகிற மாதிரி மற்றதையும் வரிசையாக எடுத்து வைத்தார். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் என் முகம் கரி. ஜன்னல் எனக்கு முன்னால் இருக்க வேண்டுமாம். மைக்கைத் தோள்துண்டுக்கு அடியில் குத்தியிருந்தேன், நான் அசையும்போதெல்லாம் துணி உரசி வைக்கோல் போர் சரிகிற சத்தம். நடுவில் போன் மணி அடித்து என் பேச்சை அமுக்கிவிட்டது, இனி ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்டாண்டும் நான் சுத்தியல் அடித்ததும் ஒரே மேசை, அதனால் ஒவ்வொரு அடிக்கும் கடையே குதித்தது. மாப்ள போனை நட்டமாக மாட்டியிருந்தான், படுக்கையாக மாட்ட வேண்டும்.

“பளபளப்பான சாமானைக் காட்டுறப்ப படம் ஒருதடவை இருட்டும், ஒருதடவை வெளுக்கும். திரையில குக்கர் மேல விரலை வச்சு கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்க. வெளிச்சமும் ஃபோகஸும் அங்கேயே பூட்டிக்கும்” என்று மாப்ளைக்குச் செய்து காட்டினார்.

மறுபடி எடுத்தோம். சத்தம் சுத்தம், படம் சுத்தம். ஆனால் மறுபடியும் இருபத்தாறு நிமிசம்.

“குக்கர் எத்தனாவது நிமிசத்துல வருது?” என்று கேட்டார் டீச்சர்.

“பதினொண்ணுல” என்றான் மாப்ள.

“அதுக்கு முன்னாடி?”

“மச்சான் பொறந்து வளந்த கதை டீச்சர். சைக்கிள் வாங்குறது ஏழாவது நிமிசத்துல வருது.”

போனிலேயே எடிட்டிங் ஆப் ஒன்றை இறக்கினார்கள். வீடியோ ஒரு ரிப்பன் மாதிரி கீழே நீளமாகக் கிடக்கிறது. நடுவில் ஒரு கோடு நிற்கிறது. ரிப்பனை நகர்த்தி, வேண்டாத இடம் ஆரம்பிக்கும்போது கோட்டுக்கு நேராக நிறுத்தி ‘பிரி’ என்று ஒரு தட்டு, அது முடியும் இடத்தில் இன்னொரு தட்டு. நடுத்துண்டைத் தொட்டு அழித்தால் ரெண்டு பக்கமும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ரப்பர் வளையத்தை அளவுக்கு வெட்டி ஒட்டுகிற வேலைதான், எனக்கு ஒரே தடவையில் பிடிபட்டுவிட்டது. வெட்டத்தான் மனசு வரவில்லை.

மாப்ளைக்கு வந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற கை. நான் சைக்கிள் வாங்கினது போனது. முதல் கடை திறந்தது போனது. பெரிய ஓட்டல்காரர் ஒருவர் காரில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது போனது.

“அது இருக்கட்டும்டா.”

“குக்கருக்கும் காருக்கும் என்ன மச்சான் சம்பந்தம்?” என்று கேட்டுக்கொண்டே தட்டினான்.

என் முகம் போன போக்கைப் பார்த்து டீச்சர்தான் ஆறுதல் சொன்னார். “ஆப்ல வெட்டுனா ஒரிஜினல் அழியாதுண்ணே. எடுத்த வீடியோ முழுசா கேலரியில அப்படியே இருக்கும். நீங்க தனியா உக்காந்து பாத்துக்கலாம்.” பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. வெட்டினவர்களுக்குத்தான் நட்டம்.

கடைசியில் எட்டு நிமிசம் நாற்பத்திரண்டு நொடி நின்றது. பின்னணிக்குச் சினிமாப் பாட்டு போட வேண்டும் என்றான் மாப்ள. பாட்டுக்காரர்கள் உரிமை கோரி வந்து நிற்பார்கள், வீடியோ ஏற்றுகிற தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிற இசையைத்தான் எடுக்க வேண்டும், அதையும் பேச்சை அமுக்காமல் மெல்ல வைக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அடுத்தது தம்ப்நெயில். வீடியோவைத் திறக்கும் முன்னால் முகப்பில் தெரிகிற படம். அதைப் பார்த்துத்தான் ஆள் உள்ளே வருவானாம். “அதை என்கிட்ட விட்டுருங்க” என்றேன். காதுகுத்து, கல்யாணம், கடைதிறப்பு என்று எத்தனை ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறேன். முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மதுரைக்காரனுக்கு வெளியாள் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃப்ளெக்ஸ் அடிக்கிற நண்பரிடம் போனேன். அவர் அருமையாகச் செய்து கொடுத்தார். நடுவில் நான், கைகூப்பியபடி. பின்னால் அழகர்கோவில் மலை. மேலே ‘குக்கர் உலகின் முடிசூடா மன்னன்’. இடது பக்கம் என் தம்பிமார் ரெண்டு பேர், சம்பந்தி, பெரிய மருமகன். வலது பக்கம் சின்ன மருமகன், பங்காளிகள் மூணு பேர். ஒருத்தரை விட்டால் நாளைக்கு ஒரு விசேசத்துக்கு வரமாட்டார். மாப்ள கூடவே உழைத்தவன் என்பதால் அவனுக்குத் தனியாக ஒரு வட்டம், கீழே வலது மூலையில். குக்கரும் இருந்தது, என் முழங்கைக்குப் பக்கத்தில்.

அந்தப் படத்தோடு வீடியோவை ஏற்றினோம். சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் மாப்ள வந்து போனை என் முன்னால் வைத்தான்.

“என் மூஞ்சி எங்க மச்சான்?”

பார்த்தேன். எல்லாருடைய முகமும் இருந்தது. கீழே வலது மூலையில் மாப்ள இருந்த வட்டத்தின்மேல் கறுப்பாக ஒரு சின்னக் கட்டம். அதற்குள் 8:42. மீசைக்குக் கீழே மட்டும் கொஞ்சம் தெரிந்தான்.

“நான் வைக்கலைடா, அதுவா வந்திருக்கு.”

“பத்துத் தலையில மத்த ஒம்பதும் நல்லாருக்கு. என் தலைமேல மட்டும் அதுவா வந்து உக்காந்திருச்சு. சைக்கிள் கதைய வெட்டுனதுக்கு இம்புட்டு வன்மம் ஆகாது மச்சான்.”

போய்விட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கடை காலி பண்ண இருபது நாள்தான் இருந்தது. ஒற்றை வீடியோவை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது? இன்னும் நாலு வீடியோவாவது போட வேண்டும். தனியாக எடுத்துப் பார்த்தேன். குக்கர் ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம், கேமரா என் தோள்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டிலும் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. மூணாம் நாள் குழம்பு ஊற்றும்போது என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொன்னாள்: “பங்காளி மூஞ்சி பளிச்சுன்னு இருக்கு.”

வீடியோவையோ யாரும் பார்க்கவில்லை. சொந்தக்காரர்கள் பார்த்தார்கள், அதுவும் அவரவர் முகம் வரைக்கும். டீச்சரிடம் போனேன். அவர் போனை என்னிடமிருந்து வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்தார்.

“இப்ப சொல்லுங்க, இதுல குக்கர் எது?”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கொஞ்சம் தடுமாறித்தான் போனேன். சின்ன மருமகனுக்குத் தலை மொட்டை.

“ஃப்ளெக்ஸை அண்ணாந்து பாப்பாங்க. இது தீப்பெட்டி அளவுதான் தெரியும். ஒரே ஒரு சாமான், பெரிசா. மூணு வார்த்தைக்கு மேல வேணாம். எழுத்து தடிமனா, பின்னணிக்கு எதிர் நிறத்துல. அப்புறம் வலது கீழ் மூலையில எதையும் வைக்கக்கூடாது. எத்தனை நிமிசம்கிறதை அந்த மூலையிலதான் காட்டும், யார் வீடியோவா இருந்தாலும்.”

அதைக் கேட்டதும் அவரையும் இழுத்துக்கொண்டு மாப்ள வீட்டுக்குப் போனேன். அவன் கதவைத் திறந்துவிட்டு டீச்சரை மட்டும் “வாங்க” என்றான். டீச்சர் அவன் போனிலேயே சமையல் வீடியோ, கோலம் வீடியோ, மாட்டுச்சந்தை வீடியோ என்று வரிசையாகத் தள்ளிக் காட்டினார். எல்லாவற்றிலும் கீழ் மூலையில் அந்தக் கறுப்புக் கட்டம். மாப்ள வாங்கி அவனே ஒரு ஐம்பதைத் தள்ளிப் பார்த்தான்.

“அப்ப அம்புட்டுப் பேரும் அவங்கவங்க மாப்ளைகளை இந்த மூலையிலதான் வச்சிருக்காங்களா?” என்றான். குரலில் பாதிக் கோபம்தான் மிச்சம்.

“புதுப் படம் மாத்தப் போறோம்டா. வீடியோவ மறுபடி ஏத்த வேண்டியதில்லையாம், முகப்பை மட்டும் மாத்திக்கலாமாம். அதுல யார் முகமும் இல்ல.”

“நீங்க?”

“நானும் இல்ல.”

அவன் டீச்சரைப் பார்த்தான். “மச்சானுக்கு ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா டீச்சர்?”

முடிசூடா மன்னன் என்று ஒருத்தர் அடித்துக் கொடுத்த பிறகு அதைக் கழற்றுவது லேசில்லை. ஆனால் கடை முக்கியம். இன்னொன்றும் சொன்னேன்: “கை ஒண்ணு வேணும். குக்கர் மூடியப் பிடிச்ச மாதிரி. அது உன் கையா இருக்கட்டும்.”

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மோதிரம் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கைக்கு எதற்குச் சட்டை என்று நான் கேட்கவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில், கறுப்புத் துணிக்கு முன்னால் எடுத்தோம். அழுக்கு அடைத்த விசில் குழாயை மூடியோடு தூக்கிப் பிடித்தது மாப்ளையின் கை. சிவப்புக்கல், பச்சை வேல் எல்லாம் பளிச். இடது பக்கம் மஞ்சள் எழுத்தில் ‘விசில் வரலையா?’ என்று ரெண்டே வார்த்தை. மூணு வரைக்கும் போகலாம் என்று டீச்சர் சொல்லியிருந்ததால் என் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். மாப்ள அந்த ரெண்டு வார்த்தையையே இன்னும் பெரிசாக்கினான். கடை மாறுகிற செய்தியை நான் வீடியோவின் கடைசியில் சொல்லியிருந்தேன். கடைசிவரைக்கும் பார்க்கிறவர் கொஞ்சம் பேர்தான் என்று டீச்சர் அதை வீடியோவுக்குக் கீழே விளக்கத்தில் முதல் வரியாக எழுதி, கருத்துப் பகுதியிலும் மேலே குத்தி வைத்து, வரைபடத்தின் இணைப்பையும் போட்டார்.

அதே மாதிரி இன்னும் நாலு எடுத்தோம். ரப்பர் மாற்றுவது, கைப்பிடி ஆடுவது, ஓரத்தில் ஆவி கசிவது, ஆவி முழுக்க அடங்காமல் மூடியை ஏன் திறக்கக்கூடாது என்பது. பாதுகாப்பு வால்வு போனால் வேறு எதையாவது வைத்து அடைக்காதீர்கள், புதுசு போடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதை மாப்ளகூட வெட்டவில்லை. ஐந்து முகப்பிலும் கை அவனுடையது, வேலை என்னுடையது.

சாமான் ஏற்றி ஆரப்பாளையம் வந்தோம். முதல் நாள் யாரும் வரவில்லை. ரெண்டாம் நாள் வழிதவறின ஆட்டோ ஒன்று வந்து திரும்பிப் போனது. மூணாம் நாளும் நான் வாசலையே பார்த்துக்கொண்டு, சுத்தமாக இருந்த சாமானையே துடைத்துக்கொண்டிருந்தேன். மாப்ள ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்தான். வழக்கமாக என்னைச் சீண்டுகிறவன், அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் ஓர் அம்மா வந்தார். வாடிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். ஒரு கையில் வயர் கூடையில் அஞ்சு லிட்டர் குக்கர், இன்னொரு கையில் போன். போனில் வரைபடம் சொன்ன வழியில் சந்துக்குள் சந்தும் திரும்பி, கடைசிக் கதவுவரைக்கும் வந்துவிட்டார். சிம்மக்கல் பக்கமே போகவில்லை. நான் எழுந்து, துண்டைச் சரிபண்ணி, “வாங்கம்மா” என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் கடைக்கு எதிர்வீட்டுக்காரன் என்பதுபோல. அப்புறம் ஸ்டூலில் பேப்பரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார், மணிக்கட்டில் வேல் பச்சையைப் பார்த்தார். போனிலிருந்த படத்தோடு ஒருதடவை ஒத்துப் பார்த்துக்கொண்டார்.

“அண்ணே, நீங்கதானே அது” என்று சொல்லிக் குக்கரைத் தூக்கி மாப்ள மடியில் வைத்தார். “ஆறு மாசமா விசில் வரலை. வேற யார் கையிலயும் குடுக்க மனசில்லை. நீங்களே பாத்துருங்க.”

மாப்ளைக்குக் குக்கரில் சோறு எடுத்துப் போட்டுக்கொள்ளத் தெரியும். அதோடு சரி. ஆனாலும் மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராக, அந்த முகப்புப் படத்தில் பிடித்த மாதிரியே பிடித்துப் பார்த்தான். தலையை ஆட்டினான். அப்புறம் அதை என் பக்கம் நீட்டினான்.

“குழாய் அடைச்சிருக்கு. ரப்பரும் மாத்தணும். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க மச்சான், அவுக ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்காக.”

அவன் சொன்னது ரெண்டும் சரியாகவே இருந்தது. முகப்புப் படத்துக்கு அடுத்து வீடியோவில் நான் சொல்வது அதுதானே, வெட்டி ஒட்டும்போது அவன் எத்தனை தடவை கேட்டிருப்பான். நான் மூடியை வாங்கிக்கொண்டு கம்பியை எடுத்தேன்.